சின்ன எண் என்றால் பவர் அதிகமா? யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, எனக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன வாரம் சிறுநீர் போகும்போது கடுமையான எரிச்சல், அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் மூன்று நாள் சாப்பிட்டேன், குறையவே இல்லை. பிறகு டாக்டரிடம் போனேன். அவர் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ஈ.கோலை கிருமி, காலனி கவுண்ட் 1,00,000-க்கு மேல், பஸ் செல் 20–25, எபிதீலியல் செல் 2–3, இ.எஸ்.பி.எல். பாசிடிவ் என்று இருக்கிறது. கீழே உள்ள அட்டவணையை அப்படியே எழுதுகிறேன்:

| மருந்து | எம்.ஐ.சி. | முடிவு |
|---|---|---|
| சிப்ரோஃப்ளாக்சசின் | ≥4 | ஆர் |
| கோ-ட்ரைமாக்சசோல் | ≥320 | ஆர் |
| செஃபுராக்சிம் | ≥64 | ஆர் |
| செஃப்ட்ரையாக்சோன் | ≥64 | ஆர் |
| அமாக்சிசிலின்-கிளாவுலனேட் | 16 | ஐ |
| நைட்ரோஃபுரான்டாயின் | ≤16 | எஸ் |
| ஃபாஸ்ஃபோமைசின் | ≤16 | எஸ் |
| அமிக்காசின் | ≤2 | எஸ் |
| மெரோபெனம் | ≤0.25 | எஸ் |

டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம், காலை இரவு, ஐந்து நாள் எழுதினார். இரண்டு நாள் ஆயிற்று, எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் சிறுநீர் கரும் மஞ்சளாகப் போகிறது. எம்.ஐ.சி. எண் எவ்வளவு குறைவோ மருந்துக்கு அவ்வளவு பவர் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் 0.25 இருக்கும் மெரோபெனம் ஊசியைத்தானே போட்டிருக்க வேண்டும்? இத்தனை 'ஆர்' இருக்கிறதே, என் உடம்பில் இனி மருந்தே ஏறாதா? மாத்திரை முடிந்ததும் மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டுமா? கிரியாட்டினின் 0.9. பெயர் வெளியிட வேண்டாம்.

டாக்டரின் பதில்

அம்மா, அட்டவணையை முழுதாக எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதை வைத்தே சொல்கிறேன்: உங்கள் டாக்டர் எழுதிய மாத்திரை சரியானது. அதை நிறுத்தாதீர்கள், ஐந்து நாளையும் முடியுங்கள். சிறுநீர் கரும் மஞ்சளாகவோ லேசான பழுப்பாகவோ போவது அந்த மருந்தின் நிறம்தான், மாத்திரை முடிந்த ஓரிரு நாளில் மாறிவிடும். ரத்தச் சிவப்பாகவோ கட்டியாகவோ போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

முதலில், இந்த ரிப்போர்ட்டை நம்பலாமா?

அட்டவணைக்குப் போவதற்கு முன் மேலே உள்ள இரண்டு மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும். பலர் அதைத் தாண்டி நேராக, மருந்து கேட்கும் என்று சொல்லும் 'எஸ்', கேட்காது என்று சொல்லும் 'ஆர்' எழுத்துகளுக்குப் போய்விடுகிறார்கள். வளர்ந்தது நோய்க் கிருமிதானா, சிறுநீர் பிடிக்கும்போது தோலிலிருந்து கலந்ததா என்பதை அந்த மேல் வரிகள்தான் சொல்லும்.

லேபில் நடப்பது இதுதான். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரை மட்டும் அளந்து எடுக்கும் மெல்லிய கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் சிறுநீரில் ஒரு முறை முக்கி, கிருமி வளர்வதற்கான தட்டில் தேய்த்து, ஓர் இரவு உடல் சூட்டில் வைப்பார்கள். உயிரோடிருந்த ஒவ்வொரு கிருமியும் பெருகி, மறுநாள் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக நிற்கும். அதுதான் காலனி. தட்டில் 100 புள்ளி இருந்தால் ஆயிரத்தால் பெருக்கி 1,00,000 என்று எழுதுவார்கள். அடுத்த நாள் அந்தப் புள்ளியிலிருந்து கிருமியை எடுத்து மருந்துகளோடு சோதிப்பார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆவது இதனால்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் ஒரே வகைக் கிருமிதான் வளர்ந்திருக்கிறது, அதுவும் நிறைய. பஸ் செல் அதிகம், அதாவது உங்கள் உடம்பு அங்கே சண்டை போடுகிறது. தோலிலிருந்து வரும் எபிதீலியல் செல் குறைவு, அதனால் சிறுநீரைச் சுத்தமாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக எரிச்சல் இருக்கிறது. நான்கும் ஒத்துப் போவதால் இது உண்மையான தொற்று. மூன்று வகைக் கிருமி வளர்ந்திருக்கிறது, எபிதீலியல் செல் ஏராளம் என்று வந்திருந்தால் நான் அட்டவணையைப் பார்த்திருக்கவே மாட்டேன், சாம்பிளை மறுபடி பிடித்துக் கொடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

'ஆர்' என்பது கிருமியைப் பற்றியது, உங்கள் உடம்பைப் பற்றியது அல்ல

மருந்துக்கு எதிர்ப்பு உங்கள் உடம்பில் உருவாகவில்லை. உங்கள் சிறுநீர்ப்பையில் இப்போது இருக்கும் இந்த ஈ.கோலைக்கு அந்த மருந்துகளைச் சமாளிக்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு வேறொரு கிருமியால் தொண்டையிலோ காலிலோ தொற்று வந்தால் இதே மருந்துகளில் சில நன்றாக வேலை செய்யலாம். அந்தக் கிருமிக்கு அதன் சொந்த அட்டவணை இருக்கும்.

இ.எஸ்.பி.எல். என்ற நான்கு எழுத்துதான் பலரைக் கலங்க வைக்கிறது. அது இந்தக் கிருமி சுரக்கும் ஒரு நொதி. பென்சிலின் வகையையும், 'செஃப்' என்று தொடங்கும் பெரும்பாலான மருந்துகளையும் அது உடைத்துப் போடும். செஃபுராக்சிம், செஃப்ட்ரையாக்சோன் இரண்டுக்கும் 'ஆர்' வந்த காரணம் அதுதான். ரிப்போர்ட்டில் பெயர் இல்லை என்பதற்காக செஃபிக்சிம் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டாலும் கதை அதேதான். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு 'ஐ', அதாவது இரண்டும்கெட்டான் நிலை. தெளிவாக 'எஸ்' உள்ள மாத்திரை கையில் இருக்கும்போது அதை நாட வேண்டிய தேவை இல்லை.

ஆனால் அந்த நொதியால் நைட்ரோஃபுரான்டாயினை ஒன்றும் செய்ய முடியாது. அது முற்றிலும் வேறு வகை மருந்து, கிருமியைத் தாக்கும் வழியும் வேறு. ஃபாஸ்ஃபோமைசினும் அப்படித்தான். எனவே இ.எஸ்.பி.எல். பாசிடிவ் என்றாலே ஊசி, அட்மிஷன் என்று முடிவு கட்ட வேண்டாம்.

சிப்ரோஃப்ளாக்சசின் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. நம் நாட்டில் சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ.கோலையில் பெரும் பகுதி அதற்கு மசிவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசினோடு சேரும்போது சர்க்கரை திடீரென்று மிகவும் இறங்கிவிடலாம். கடையில் கேட்டு வாங்கும்போது இதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

0.25-யும் 16-யும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது

உங்களைக் குழப்பியது இந்த எண்கள்தான். இதை நிதானமாகப் பாருங்கள்.

எம்.ஐ.சி. என்பது அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தின் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று. வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குழியில் நைட்ரோஃபுரான்டாயின் 16, அடுத்ததில் 32, அதற்கடுத்து 64 என்று இரட்டிப்பாகப் போகும். எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமியை விட்டு வைத்தால், கிருமி வளர்ந்த குழி கலங்கிவிடும், வளராத குழி தெளிவாக இருக்கும். எந்தக் குழியிலிருந்து தெளிவு தொடங்குகிறதோ அந்த எண்தான் எம்.ஐ.சி. இப்போது பெரும்பாலான லேபில் இதை மெஷினே பார்க்கிறது, அடிப்படை இதுதான்.

எண்ணுக்கு முன்னால் உள்ள குறியைக் கவனியுங்கள். ≤16 என்றால் '16 அல்லது அதற்கும் குறைவு'. இப்படிப்பட்ட சோதனையில் நைட்ரோஃபுரான்டாயின் வரிசை தொடங்குவதே 16-இல்தான். மெரோபெனம் வரிசை 0.25-இல் தொடங்குகிறது. அதாவது இரண்டு மருந்திடமும் உங்கள் கிருமி முதல் குழியிலேயே விழுந்துவிட்டது. அதற்குக் கீழே மெஷின் சோதிக்கவே இல்லை. 0.25-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் வரிசை தொடங்கிய இடத்தின் வித்தியாசம்தான், கிருமி தோற்றதில் வித்தியாசம் இல்லை.

அடுத்தது, ஒவ்வொரு மருந்துக்கும் பாஸ் மார்க் வேறு வேறு. லேப்கள் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்கத் தரநிலைப்படி, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 வரை இருந்தால் 'எஸ்', மெரோபெனம் 1 வரை இருந்தால் 'எஸ்', சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 0.25 வரைதான் 'எஸ்'. உங்கள் அட்டவணையையே பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 4, அது 'ஆர்'. நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16, அது 'எஸ்'. சின்ன எண்தான் பவர் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பாஸ் மார்க் ஏன் இப்படி மாறுகிறது என்றால், மருந்து போய்ச் சேரும் இடமும் அங்கே அது நிற்கும் அளவும் மருந்துக்கு மருந்து வேறு. நைட்ரோஃபுரான்டாயினைச் சாப்பிட்டால் ரத்தத்தில் அது மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட நிற்பதில்லை. சிறுநீரகம் அதை வேகமாக வடித்துச் சிறுநீரில் சேர்த்துவிடுகிறது. அங்கே 50-லிருந்து 150 வரைகூடப் போகும். உங்கள் கிருமிக்கு 16 போதும். அது உட்கார்ந்திருப்பதும் சிறுநீர்ப்பையில்தான். மருந்து குவியும் இடமும் கிருமி இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால்தான் இந்த மாத்திரை உங்களுக்கு இவ்வளவு பொருந்துகிறது.

மெரோபெனமும் வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் அது மாத்திரையாகச் சாப்பிடும் மருந்தில்லை. எட்டு மணிக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டும். அதோடு குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் வாரிக்கொண்டு போகும். மிஞ்சுவது அதற்கும் மசியாத கிருமிகளாக இருந்தால், அடுத்த முறை வரும் அட்டவணையில் மெரோபெனத்துக்கு நேரே 'ஆர்' இருக்கும். சிறுநீர்ப்பை எரிச்சலுக்கு அதைச் செலவழித்துவிட்டால், கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்குப் போராடும் நாளில் கையில் மருந்து இருக்காது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளைப் பிரித்து வைத்திருக்கும் பட்டியலில் நைட்ரோஃபுரான்டாயின் முதலில் தரத் தகுந்த பிரிவிலும், மெரோபெனமும் சிப்ரோஃப்ளாக்சசினும் கவனித்துத் தர வேண்டிய பிரிவிலும் இருக்கின்றன.

சில லேப்களில் எம்.ஐ.சி.க்குப் பதில் மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். மருந்து தோய்ந்த சின்ன வில்லையைத் தட்டில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எவ்வளவு அகலம் என்று அளப்பார்கள். அந்த முறையில் எண் பெரிதாக இருப்பதுதான் நல்லது. அங்கேயும் ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மாத்திரை சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் சிறுநீருக்குப் போக வேண்டும். சிறுநீரகம் வடிக்காவிட்டால் சிறுநீரில் மருந்து சேராது, ரத்தத்தில் தேங்கிப் பக்க விளைவைத்தான் தரும். நீங்கள் கிரியாட்டினின் எழுதியது அதனால் மிகவும் உதவியது. 58 வயதுப் பெண்ணுக்கு 0.9 என்றால் சிறுநீரகம் வடிக்கும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 74 வரும். கவலையே இல்லை. அதே வயதில் கிரியாட்டினின் 1.8 இருந்தால் அது 32-க்கு இறங்கிவிடும். அப்போது ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றே இருந்தாலும் இந்த மாத்திரையைத் தர நான் தயங்குவேன், 30-க்குக் கீழே தரவே மாட்டேன். பக்கத்து வீட்டில் யாருக்காவது எரிச்சல் என்றால் உங்கள் மாத்திரையில் நான்கைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போடுங்கள். குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் ஏறும். எரிச்சலுக்கு என்று சிட்ரேட் சிரப் ஏதாவது சேர்த்துக் குடிக்கிறீர்களா? கடையில் இதைக் கேட்காமலே தருவதுண்டு. அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும். இந்த மாத்திரை புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் இந்த ஐந்து நாள் அந்த சிரப் வேண்டாம். மெக்னீசியம் ட்ரைசிலிகேட் சேர்ந்த வயிற்றெரிச்சல் மருந்தும் வேண்டாம், மாத்திரை உடம்பில் ஏறுவதை அது தடுக்கும். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மாத்திரையால் புதிதாக இருமல், மூச்சுத் திணறல் வரும். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஜி6பிடி குறைபாடு இருப்பதாக முன்பு யாராவது சொல்லியிருந்தால் அதையும் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் கணக்கு மாறிவிடும்

இது மிக முக்கியம், அம்மா. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான சோர்வு, பேச்சில் தடுமாற்றம் — இதில் எது வந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். ரத்தத்தில் நைட்ரோஃபுரான்டாயின் போதிய அளவு நிற்பதில்லை என்று மேலே சொன்னேன், சிறுநீரகத்தின் சதையிலும் அப்படித்தான். ஆக அட்டவணையில் அதே 'எஸ்' இருக்கும், மருந்து மட்டும் பலன் தராது. ஃபாஸ்ஃபோமைசின் பவுடரும் அந்த நிலைக்குப் போதாது. அப்போதுதான் அமிக்காசின், மெரோபெனம் வரிகள் தேவைப்படும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத் தொற்று வேகமாக முற்றும். மாத்திரை முடியட்டும், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி ஆனாலும் இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மறுபடி கல்ச்சர்?

எரிச்சல் முழுதாகப் போய்விட்டால் வேண்டாம். 'எல்லாம் போயிற்றா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே' என்று தோன்றும். ஆனால் உங்கள் வயதில், அதுவும் சர்க்கரை நோய் இருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி குடியிருப்பது சகஜம். அதை மருந்து கொடுத்து விரட்டுவதால் லாபம் இல்லை. இன்னும் முரடான கிருமி அந்த இடத்தைப் பிடிப்பதுதான் மிச்சம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும்தான் தொந்தரவு இல்லாவிட்டாலும் கிருமியைத் தேடி மருந்து தருகிறோம்.

மூன்றாவது நாள் முடிந்தும் எரிச்சல் கொஞ்சமும் குறையாவிட்டாலோ, குறைந்து இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்தாலோ கல்ச்சர் கட்டாயம். அந்த சாம்பிளை ஆன்டிபயாட்டிக் ஒரு வேளைகூடப் போடுவதற்கு முன் கொடுங்கள். பாதி மருந்து ஏறிய சிறுநீரில் கிருமி வளராமல் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்து எல்லோரையும் ஏமாற்றும். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நிறுத்தாமல் நடுவில் வருவதை லேப் தரும் டப்பாவில் பிடியுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வெயிலில் பையிலேயே கிடந்தால் நூறு கிருமி மதியத்துக்குள் லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த லட்சத்தைப் பார்த்து யாரோ உங்களுக்கு மருந்து எழுதுவார்கள்.

ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ இப்படி வந்தால், மருந்தை மாற்றிக்கொண்டே போகாமல் காரணத்தைத் தேட வேண்டும். போன பிறகும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது, கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் சொல்லிவிடும். மாதவிலக்கு நின்ற பிறகு அந்தப் பகுதி உலர்ந்து போவதும் திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கு ஒரு காரணம். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அதைக் கணிசமாகக் குறைக்கும். மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு எந்த டாக்டரிடம் எந்தத் தொற்றுக்குப் போனாலும், இ.எஸ்.பி.எல். கிருமி வந்திருந்தது என்று சொல்லி இதைக் காட்டுங்கள். கல்ச்சர் வரும் வரையிலான முதல் இரண்டு நாளுக்கு எந்த மருந்தைத் தொடங்குவது என்று அவர் முடிவு செய்ய இந்தப் பழைய அட்டவணைதான் உதவும்.